திங்கட்கிழமை திறந்த டிபன் பாக்ஸ்

வெள்ளிக்கிழமை மதியம் கட்டிக் கொடுத்த தயிர்சாதம் திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு எப்படி இருக்கும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள எல்லா வீட்டுக்கும் தெரியும். மூடியைத் திறந்ததும் முகத்தில் அடித்த வாடை ஒரு பக்கம். அந்த நேரத்தில் நான் கத்திய கத்து மறுபக்கம். ஆறாம் வகுப்புக்குப் போகும் மகள் அமைதியாகச் சொன்னாள்: "நீங்க வெள்ளிக்கிழமை ஞாபகப்படுத்தலம்மா."

அவள் எதிர்த்துப் பேசவில்லை. உண்மையைத்தான் சொன்னாள். வருஷம் முழுக்கத் தினமும் சாயங்காலம் "டிபன் பாக்ஸை எடுத்துப் போடு" என்று சொன்னது நான். அந்த வெள்ளிக்கிழமை வங்கியில் வேலை முடிய நேரமாகிவிட்டதால் சொல்ல முடியவில்லை. டப்பாவை எடுத்துப் போடும் கை அவளுடையது, நினைவு வைத்துக்கொள்ளும் தலை என்னுடையது. அப்படியானால் அது யாருடைய வேலை?

அன்று தொடங்கிப் பதினொரு மாதம் எங்கள் வீட்டில் நடந்ததைத் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் குறித்து வைத்தேன். அந்தக் குறிப்புகளிலிருந்துதான் இதை எழுதுகிறேன். வீடு மதுரையில். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். மாமியார் எங்களோடு இருக்கிறார், பிள்ளைகளுக்கு அப்பத்தா. மகளுக்குப் பதினொன்று, மகனுக்கு ஏழு.

கூலிப் பட்டியல்

முதலில் நாங்கள் செய்தது பலரும் செய்வதுதான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு விலை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினோம். படுக்கை மடித்தால் 2 ரூபாய். டிபன் பாக்ஸ் கழுவிக் கவிழ்த்தால் 3. தண்ணீர் பாட்டில்கள் நிரப்பினால் 2. கொடியிலிருந்து எடுத்த துணியை மடித்து வைத்தால் 5. ஷூ பாலிஷ் 5. ஒத்துக்கொண்ட வேலையைச் செய்யாவிட்டால் 5 ரூபாய் பிடித்தம். சனிக்கிழமை கணக்குப் பார்த்துப் பணம்.

முதல் வாரம் மகளுக்கு 64 ரூபாய், மகனுக்கு 31. வீடே மாறிவிட்டது போல இருந்தது. மடித்த துணியைக் கலைத்து மறுபடி மடித்து இன்னொரு 5 ரூபாய் கேட்டான் மகன் என்பதைத் தவிரக் குறையே இல்லை.

மூன்றாவது வாரம் ஊரிலிருந்து உறவினர்கள் வந்திருந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பத்தா, "அய்யா, ஒரு செம்பு தண்ணி கொண்டாய்யா" என்றார். பட்டியலில் அது இல்லை. பேரன் நின்று யோசித்துவிட்டுக் கேட்டான்: "எம்புட்டுக் காசு அப்பத்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பத்தாவும்தான் சிரித்தார், ஆனால் எழுந்து போய் அவரே தண்ணீர் மொண்டு குடித்தார். அவன்மேல் தப்பில்லை. இந்த வீட்டில் வேலைக்கு விலை உண்டு என்று எழுதி ஒட்டியது நாங்கள்.

அடுத்த அடி மகளிடமிருந்து. 280 ரூபாய்க்கு ஒரு வாட்டர் கலர் பெட்டியைப் பார்த்து வைத்திருந்தாள். ஐந்தாவது வாரத்தோடு பணம் சேர்ந்துவிட்டது. ஆறாவது வாரம் துணி மூட்டை நாற்காலியிலேயே கிடந்தது. கேட்டால், "எனக்கு இந்த வாரம் காசு வேணாம்மா" என்றாள். இதற்குப் பதில் என்னிடம் இல்லை. கூலிக்குச் செய்கிற வேலையை, கூலி வேண்டாதவர் செய்யாமல் இருப்பது நியாயம்தானே. பணம் தேவைப்படும் வரை மட்டும் ஓடும் வண்டியை நாங்களே செய்து கொடுத்திருக்கிறோம்.

மகன் இன்னொரு பக்கம் பிடித்தத்தின் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டான். தெருவில் கிரிக்கெட் சூடு பிடித்த ஒரு சாயங்காலம், பாட்டில் நிரப்பச் சொன்னதற்கு, "அஞ்சு ரூவா பிடிச்சுக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டு மட்டையோடு ஓடினான். நான் தண்டனை என்று நினைத்ததை அவன் கட்டணமாக எடுத்துக்கொண்டான். விளையாட அனுமதி, விலை 5 ரூபாய்.

பொருளாதாரம் படிக்கிறவர்கள் இதைச் சிறுபிள்ளைகள் காப்பகங்களில் வைத்தே பார்த்திருக்கிறார்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் பத்துக் காப்பகங்கள். சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போகப் பெற்றோர் தாமதமாக வருவது அங்கே தொல்லையாக இருந்தது. ஆறு காப்பகங்களில் மட்டும், பத்து நிமிஷத்துக்கு மேல் தாமதித்தால் சிறு அபராதம் என்று வைத்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதுவரை 'டீச்சரைக் காக்க வைக்கிறோமே' என்று கூசியவர்கள், காசு கட்டியாயிற்று என்றதும் நிம்மதியாக வந்தார்கள். பிறகு அபராதத்தை நீக்கியும் பழைய கூச்சம் திரும்பவில்லை. உரி க்னீசி, ஆல்டோ ருஸ்டிசினி என்ற இருவர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இது.

அந்தக் கடைசி விஷயம்தான் என்னைப் பயமுறுத்தியது. கூச்சத்தை ஒருமுறை விலைக்கு மாற்றிவிட்டால், விலையை எடுத்த பிறகு இரண்டும் இருக்காது. ஏழாவது வாரம் பட்டியலைக் கிழித்தேன். அடுத்த ஒரு மாதம் வீட்டில் யாரும் எதுவும் செய்யவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த இடைவெளி தேவைப்பட்டது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மறுநாளே புதுத் திட்டம் கொண்டு வந்திருந்தால் அதைச் சம்பளக் குறைப்பாகத்தான் பார்த்திருப்பார்கள்.

ஆளுக்கு ஒரு வேலை, முழுசாக

இரண்டாவது ஏற்பாட்டில் வேலையையும் காசையும் பிரித்தோம். தன் தட்டு, தன் டிபன் பாக்ஸ், தன் பை, அழுக்குச் சீருடையை வாளியில் போடுவது எல்லாம் அவரவர் உடம்பைச் சேர்ந்தவை. பல் தேய்க்கக் காசு தருவதில்லை, அதுபோல இதற்கும் இல்லை. இதற்கு மேல் வீட்டுக்காக ஆளுக்கு ஒரே ஒரு வேலை. அதற்கும் காசு இல்லை.

அந்த ஒரு வேலை எது என்பதில்தான் அதிக நேரம் செலவழித்தோம். வயதுக்கேற்ற வேலை என்று தேடினால் நீண்ட பட்டியல்கள் கிடைக்கும்: மூன்று வயதில் பொம்மையை எடுத்து வைக்கலாம், ஆறில் சின்ன வெங்காயம் உரிக்கலாம், பத்தில் காய் நறுக்கலாம் என்று. கை எதைச் செய்ய முடியும் என்று பார்க்க அவை உதவும். எனக்குத் தேவைப்பட்டது வேறு. மறந்துபோனால் ஒரு நாளுக்குள் எல்லோருக்கும் தெரிய வேண்டும், ஆனால் யாருக்கும் பெரிய கேடு வரக்கூடாது, மறந்தவரும் அதில் கொஞ்சம் கஷ்டப்பட வேண்டும். இந்த மூன்றும் பொருந்தும் வேலைகள் குறைவு. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை விட்டேன், ஏனென்றால் செடி வாடப் பத்து நாள் ஆகும், அதற்குள் நான் சொல்லிவிடுவேன். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் மாநகராட்சித் தண்ணீரைப் பிடித்து வைப்பதை விட்டேன், ஏனென்றால் தவறினால் இரண்டு நாள் குடிக்கத் தண்ணீர் இருக்காது. கேஸ் அடுப்பு, குக்கர், கொதிக்கும் குழம்பு, கழிவறை ஆசிட் ஆகியவை பேச்சுக்கே இல்லை.

மகளுக்கு அமைந்தது தயிர். தினமும் ராத்திரி உறை ஊற்றுவது.

சின்ன வேலையாகத் தெரியும், ஆனால் தொடக்கத்திலிருந்து முடிவு வரை அதற்குள் நிறைய இருக்கிறது. அரை லிட்டர் பாலை நான் காய்ச்சி இறக்கி வைத்துவிடுவேன். அது ஆறும் வரை அவள் காத்திருக்க வேண்டும். விரல் நுனியை வைத்தால் சுடாமல் வெதுவெதுப்பு மட்டும் தெரிய வேண்டும். சூடாக இருக்கும்போது ஊற்றினால் உறை கெட்டுப் பால் திரிந்தது போலாகிவிடும், முழுக்க ஆறிய பின் ஊற்றினால் காலையிலும் பாலாகவே இருக்கும். ஒரு டீஸ்பூன் தயிரைக் கலக்கி மூடி, அசையாத இடத்தில் வைக்க வேண்டும். மார்கழியில் உறை கொஞ்சம் கூடுதலாக வேண்டும். சித்திரையில் அரை ஸ்பூன் போதும், காலையில் எழுந்ததும் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளாவிட்டால் மதியத்துக்குள் புளித்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்றைய தயிரை வழித்துத் துடைத்துச் சாப்பிடுவதற்கு முன் நாளைக்கு ஒரு ஸ்பூன் எடுத்து வைக்க வேண்டும். அந்த ஒரு ஸ்பூனைக் காப்பாற்றுவதும் அவள் பொறுப்பு. தம்பி கடைசித் தயிரைத் தட்டில் கவிழ்க்கப் போகும்போது அவனோடு மல்லுக்கட்ட வேண்டியவள் அவள்தான், நான் இல்லை.

சொல்லிக்கொடுக்கப் பத்து நாள் ஆனது. முதல் மூன்று நாள் நான் செய்ய அவள் பார்த்தாள். அடுத்த நாலு நாள் அவள் செய்தாள், நான் பக்கத்தில் நின்றேன். அதன்பின் அவள் தனியாகச் செய்தாள், நான் காலையில் மட்டும் பார்த்தேன். இரண்டு நிமிஷத்தில் நான் முடிக்கிற வேலைக்கு அந்தப் பத்து நாளும் தினம் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் போனது. வேலைப் பளுவைக் குறைக்க இதைத் தொடங்குகிறவர்கள் முதல் மாதத்திலேயே வெறுத்துப் போவார்கள்.

மகனுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு, தம்ளர், தண்ணீர் வைக்கும் வேலை. ஏழு வயதுக் கைக்கு நிறைந்த சொம்பு கனம், அதனால் சின்னச் சொம்பில் இரண்டு நடை. வேலை என்று பார்த்தால் தட்டை வைப்பதுதான், ஆனால் அதற்கு முன் எண்ண வேண்டும். இன்றைக்கு எத்தனை பேர்? அப்பா வர நேரமாகுமா? வந்திருக்கும் சித்தப்பா சாப்பிட்டுத்தான் போவாரா? இதையெல்லாம் அவனே போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும். மறந்தால் சாப்பாடு இறங்காமல் விக்கல் எடுக்கிறபோது எல்லோருக்கும் தெரிந்துவிடும், அவனுக்கும்தான்.

'முடிந்தது' என்றால் என்ன என்பதையும் முன்னாலேயே பேசினோம். இதை விட்டால் தினமும் சண்டை. டிபன் பாக்ஸ் கழுவுவது என்றால் அவர்கள் கணக்கில் தண்ணீரில் ஒரு முக்கு. என் கணக்கில் மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றி, அதன் அடியில் இருக்கும் எண்ணெயைத் தேய்த்து, கவிழ்த்துக் காய வைப்பது. வாடை வருவதே அந்த ரப்பரில்தான். ஒருமுறை ரப்பரைக் கழற்றி அவர்கள் மூக்கருகே பிடித்தேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

நினைவூட்டலை எண்ணியது

காலண்டர் தாளில் நான் குறித்தது வேலை நடந்ததா என்பதை அல்ல, நான் எத்தனை தடவை வாயைத் திறந்தேன் என்பதை. தயிரின் முதல் வாரத்தில் ஏழு ராத்திரியில் ஆறு ராத்திரி நான் சொல்லியிருக்கிறேன். தயிர் தினமும் இருந்தது. வெளியே பார்த்தால் வெற்றி. தாளைப் பார்த்தால் பழைய டிபன் பாக்ஸ் கதையேதான்.

இதைச் சரிசெய்ய, வாயை மூடிக்கொள்வதோடு இன்னொன்றும் வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு நேரம் நினைவிருக்காது. எதற்குப் பின் எது என்பது நினைவிருக்கும். ஒன்பது மணி என்றால் அவளுக்கு ஒன்றுமில்லை, அப்பத்தா ராத்திரி மாத்திரை போடும் நேரம் என்றால் தெரியும், ஏனென்றால் மாத்திரை டப்பாவின் சத்தம் கேட்கும். அதோடு தயிரைக் கட்டினோம். பால் பாத்திரத்தை அடுப்படியிலிருந்து எடுத்து மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதன்பின் நான் பேசுவதில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அதைச் சொல்லாமல் சும்மா இருந்தால் அது பொறி வைப்பதாகிவிடும்.

முதல் மாதம் ஐந்து நாள் மறந்தாள். இரண்டாவது மாதம் இரண்டு. அதன்பின் எப்போதாவது. மறந்த முதல் நாள் மதியம் டிபன் பாக்ஸில் தயிர்சாதத்துக்குப் பதில் எலுமிச்சை சாதம், ராத்திரி எல்லோருக்கும் ரசத்தோடு சாப்பாடு முடிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கணவர் வெறும் தட்டைப் பார்த்துவிட்டு மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டார். தம்பிதான் "எங்க தயிரு?" என்று கேட்டான். அவன் கேட்டது போதுமானதாக இருந்தது.

மறந்த இரண்டாவது நாள் தயிர் இருந்தது. எப்படி என்று பார்த்தால், அப்பத்தா மத்தியானம் அண்ணாச்சி கடையில் ஒரு பாக்கெட் வாங்கிப் பாத்திரத்தில் ஊற்றி வைத்திருக்கிறார். "பச்சப்புள்ள, அதப் போயி கஷ்டப்படுத்திக்கிட்டு." அவரிடம் நான் வாதாடவில்லை. சாயங்காலம் தனியாக உட்கார்ந்து, "அத்தை, நீங்க அவளுக்கு உறை ஊத்துற பக்குவம் சொல்லிக்குடுங்க, ஆனா வாங்கி மட்டும் வச்சிராதீங்க" என்றேன். பக்குவம் சொல்லும் பொறுப்பு கிடைத்ததும் அவர் எங்கள் பக்கம் வந்துவிட்டார். மார்கழிக் குளிரில் பாத்திரத்தை அரிசி டிரம்முக்குள் வைத்தால் நன்றாக உறையும் என்று மகளுக்குக் காட்டிக் கொடுத்தது அவர்தான், எனக்கே அது தெரியாது.

சனிக்கிழமை காசு

காசை வேலையிலிருந்து பிரித்த பிறகு, அது எதற்கு என்ற கேள்வி வந்தது. ஏன் சும்மா கொடுக்க வேண்டும் என்று கணவர் கேட்டார். சும்மா கொடுக்கவில்லை, ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருப்பதைத்தான் கைமாற்றுகிறோம் என்று காட்ட, இரண்டு வாரம் ஒரு தாளில் எழுதினோம். கடைக்குப் போகும்போதெல்லாம் அவர்கள் கேட்டு நாங்கள் வாங்கிக் கொடுத்த தின்பண்டம், ஸ்டிக்கர், ஜிகினா பேனா, பம்பரம் எல்லாம் சேர்த்து 170 ரூபாய். வாரத்துக்கு 85. அதையே மகளுக்கு 60, மகனுக்கு 25 என்று பிரித்தோம். இனி அந்த வகைப் பொருள்கள் அவர்கள் காசில். பாடப் பொருள், உடை, பஸ், மருந்து எங்கள் காசில். எல்லைத் தகராறு வரத்தான் செய்தது. பென்சில் எங்கள் பொறுப்பு, ஆனால் தலையில் யானை பொம்மை வைத்த பென்சில்? சாதாரண பென்சிலின் விலை வரை நாங்கள், யானைக்கு நீ என்று தீர்ப்பானது.

ரூபாய் நோட்டாக இல்லாமல் பிரிக்கக்கூடிய நாணயமாகக் கொடுப்பது முக்கியம் என்று போகப்போகத் தெரிந்தது. ஏழு வயதுப் பையனிடம் ஒரு 20 ரூபாய் நோட்டைக் கொடுத்தால் அது ஒரே பொருள், ஒரே கடையில் போய்விடும். ஐந்து ரூபாய் நாணயமாக ஐந்து கொடுத்தால் அவன் தரையில் பரப்பி, நகர்த்தி, பிரித்துப் பார்க்கிறான். இப்போது வீட்டில் யாரிடமும் சில்லறை இருப்பதில்லை, எல்லாம் போனைக் காட்டி ஸ்கேன். அதைப் பார்த்து வளரும் பிள்ளைக்குக் காசு தீர்ந்துபோகும் பொருள் என்பதே தெரியாது. வங்கியில் இருப்பதால் எனக்கு நாணயம் கிடைத்தது. பத்து ரூபாய் நாணயத்தை மட்டும் எங்கள் தெருக் கடையில் வாங்க மாட்டேன் என்றார்கள். செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனை தடவை சொன்னாலும் அண்ணாச்சிகள் கேட்பதாயில்லை, அதனால் ஐந்து ரூபாய்க்கு மாறினோம்.

மகன் முதல் சனிக்கிழமையே 25 ரூபாயையும் முடித்தான். புதன்கிழமை தெருவில் குச்சி ஐஸ் வண்டி மணியடித்தது. என்னைப் பார்த்தான், நான் பருப்பு களைந்துகொண்டிருந்தேன். அக்காவிடம் போனான். அவள் ஐந்து ரூபாய் கொடுத்தாள், சனிக்கிழமை ஏழாகத் தர வேண்டும் என்ற பேச்சோடு. மூன்று நாளைக்கு நாற்பது சதவீத வட்டி! வங்கியில் உட்கார்ந்து கடன் விண்ணப்பம் பார்க்கிறவள் வீட்டிலேயே கந்துவட்டி. அவளைத் திட்டவில்லை. இரண்டு பேரையும் உட்கார வைத்து, இதே வட்டியில் மாதம் முழுக்க வாங்கினால் தம்பியின் 25 ரூபாயில் எவ்வளவு அக்காவிடம் போகும் என்று தீக்குச்சி வைத்துக் கணக்குப் போட்டோம். கணக்கு முடிந்ததும் அவன் அழுதான், அவள் இரண்டு ரூபாயை விட்டுக்கொடுத்தாள். கூடப்பிறந்தவர்களுக்குள் கடன் உண்டு, வட்டி இல்லை என்பது அன்றிலிருந்து விதி.

எங்களிடம் முன்பணம் வாங்க இரண்டு வாரக் காசுதான் உச்சம். தோழியின் பிறந்தநாளுக்கு மகள் 200 கேட்டபோது 120 கொடுத்தோம், வாரம் 30 வீதம் நாலு வாரத்தில் கழித்தோம். மூன்றாவது வாரம் அவளுக்கு அந்த 30 ரூபாய் வராதது உறைத்தது. பரிசு கொடுத்து முடிந்து வெகு நாளான பிறகும் காசு போய்க்கொண்டே இருப்பதுதான் கடன், அதைச் சொல்லிப் புரிய வைக்க முடியாது.

பொங்கல் இந்தக் கணக்கையெல்லாம் கலைத்தது. மாட்டுப் பொங்கலன்று உறவினர்கள் கொடுத்தது மகளுக்கு மட்டும் 1,100 ரூபாய். வாரம் 60 ரூபாயில் யோசித்துச் செலவு செய்யப் பழகியவளுக்குத் திடீரென்று நாலு மாதக் காசு. ஒரு வாரம் தன் டப்பாவைத் திறந்து எண்ணுவதையே விட்டுவிட்டாள். பாதியை அவள் பெயரில் வங்கியில் போடுவது என்று பேசினோம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம் என்று 2014இல் ரிசர்வ் வங்கி சொன்னது. எவ்வளவு வரை என்பது அந்தந்த வங்கியின் முடிவு. இருப்புக்கு மேல் எடுக்க மட்டும் முடியாது. செலானை அவளே நிரப்பினாள், எழுத்தால் எழுதும் இடத்தில் 'ஐநூற்றி ஐம்பது மட்டும்' என்று எழுதிவிட்டு ஏன் 'மட்டும்' என்று கேட்டாள். பின்னால் யாரும் ஒரு எழுத்தைச் சேர்க்காமல் இருக்க என்றேன். தம்பிக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது, அதுவரை அவன் கணக்கு என் கையெழுத்தில்தான்.

வேலைக்குக் காசே இல்லை என்றும் சொல்ல முடியாது. வெளியாளுக்குக் காசு கொடுத்துச் செய்யக்கூடிய, எப்போதாவது வரும் வேலைகளுக்குக் கொடுத்தோம். பழைய பேப்பரைக் கட்டி வைத்து எடைக்குப் போட்டால் வருவது கட்டியவருக்கு. அப்பாவின் பைக்கைக் கழுவினால் 20. இவற்றைச் செய்யாவிட்டால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டோம். அப்பத்தா தண்ணீர் கேட்டால் அந்த வகையில் வராது என்பதை மட்டும் ஒருமுறை தெளிவாகச் சொன்னேன்.

பெரியவர்களின் பாக்கி

தாள்களைப் புரட்டினால் பிள்ளைகள் தவறியதைவிட நாங்கள் தவறியதுதான் அதிகம். நவம்பரில் தொடர்ந்து மூன்று சனிக்கிழமை காசு கொடுக்க மறந்தேன். நாலாவது வாரம் மொத்தமாகக் கொடுத்தபோது மகன் அன்றே முழுசையும் செலவழித்தான், அதற்கு முன் வாரம் ஐந்து ரூபாயாவது மிச்சம் வைக்கப் பழகியிருந்தவன். அடுத்தது எப்போது வரும் என்று தெரியாதபோது எவன் சேமிப்பான்? அதிலிருந்து வெள்ளிக்கிழமையே நாணயத்தை எண்ணி இரண்டு டப்பாவில் போட்டு வைக்கிறேன்.

இன்னொன்று கொஞ்சம் சங்கடமானது. கடைக்குப் போகும் வேலையெல்லாம் மகனுக்கே போய்க்கொண்டிருந்தது. ஏழு வயதானாலும் பையன், தெருமுனைதானே. மகள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வெளியே போகக்கூடாது. விளைவு, மீதி எண்ணி வாங்குவது, விலை கேட்பது, பாக்கி வைக்காமல் வருவது எல்லாம் அவனுக்குப் பழகியது, அவளுக்குப் பாத்திரம் பழகியது. பேரன் தட்டு வைப்பதைப் பார்த்து, "ஆம்பளப் பய எச்சித் தட்டெடுத்துக்கிட்டு" என்று அப்பத்தா முணுமுணுத்ததைத்தான் நான் பிற்போக்கு என்று நினைத்தேன், நான் செய்ததை நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காய்கறி வாங்குவதை மகளுக்கு மாற்றினோம், 150 ரூபாயும் ஒரு துண்டுச் சீட்டும். முதல் வாரமே கறிவேப்பிலை, கொத்தமல்லியைக் கொசுறாகக் கேட்க வெட்கப்பட்டுக் காசு கொடுத்து வாங்கி வந்தாள்.

பரீட்சை நேரத்தில் என்ன செய்வது என்பதில் எனக்கும் கணவருக்கும் இன்றுவரை ஒத்துவரவில்லை. படிக்கிற பிள்ளையை விடு என்பார். விட்டால் படிப்பு என்பது வீட்டிலிருந்து விலக்கு வாங்கும் சீட்டு என்று ஆகிவிடும் என்பது என் பயம். அரையாண்டுக்குத் தயிரை நிறுத்தவில்லை, காய்கறியை மட்டும் நிறுத்தினோம்.

இதெல்லாம் எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வங்கிக்கு எதிரே இட்லிக் கடை நடத்தும் அம்மாவின் மகள், பள்ளி விட்டு வந்ததும் சட்னி அரைத்துப் பாத்திரம் துலக்குகிறாள். அவளுக்கு இன்னொரு வேலை தேவையில்லை, விளையாட ஒரு மணி நேரம்தான் தேவை.

ஏப்ரலில் மகள் பள்ளியில் மூன்று நாள் முகாமுக்குப் போனாள். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி தயிர் வேலையைத் தம்பியிடம் ஒப்படைத்தாள், என்னிடம் கேட்கவில்லை. பாத்திரத்தின் மூடிமேல் ஒரு தாளை ஒட்டி வைத்திருந்தாள், அவன் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில்:

"விரலை விட்டுப் பார். சுடக்கூடாது. அரை ஸ்பூன் போதும், வெயில் காலம். இரண்டு ஸ்பூன் தயிரை ஃப்ரிட்ஜில் சின்னக் கிண்ணத்தில் வைத்திருக்கிறேன், அதைத் தின்றுவிடாதே. அப்பத்தா மாத்திரை டப்பா சத்தம் கேட்டதும் வா. அம்மா ஞாபகப்படுத்த மாட்டாங்க."